வடைத் தாச்சியில் மூன்று எண்ணெய்: புகையும் நுரையும் சொல்வது என்ன?

கல்லடியில் எங்கள் வீட்டு வாசலில் பின்னேரம் கடலை வடை போட்டு விற்கிறோம். பெரிய வியாபாரம் இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது வடை. ஆனால் தினமும் ஒரே கேள்வி வரும்: நேற்றைய எண்ணெயை இன்றைக்கும் ஊற்றலாமா? பக்கத்து வீட்டு மாமி, "கறுத்தா ஊத்திரு மனே, கறுக்காட்டி வச்சிக்க" என்பார். அந்த ஒற்றை விதியை நம்பி நல்ல எண்ணெயைக் கொட்டியும் இருக்கிறேன், கெட்ட எண்ணெயில் பொரித்தும் இருக்கிறேன்.

ஆகவே ஒரு முறை மூன்று எண்ணெயைத் தனித்தனியே வாங்கி, ஒவ்வொன்றையும் பல மாலைகள் வடைக்கே பாவித்துப் பார்த்தேன். ஒன்று மில்லில் கொப்பரா ஆட்டி எடுத்த தேங்காய் எண்ணெய், சுத்திகரிக்காதது. அடுத்தது போத்தலில் வரும் பாம் ஒலீன், அதாவது பாம் எண்ணெயில் உறையாத பகுதி, கடையில் மரக்கறி எண்ணெய் என்று கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். மூன்றாவது சுத்திகரித்த சூரியகாந்தி. ஒவ்வொன்றிலும் இரண்டு போத்தல், அதாவது ஒன்றரை லீற்றர். தாச்சி ஒன்று, அடுப்பு ஒன்று, பொரிக்கும் சூடு 170 பாகை. ஒரு மாலைக்கு எண்ணெய் சூட்டில் இருந்தது சுமார் நாற்பது நிமிடம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது.

புகைநிலையைப் பார்ப்பது கஷ்டமில்லை. ஒரு சின்னச் சட்டியில் கொஞ்ச எண்ணெய், அதற்குள் 300 பாகை வரை காட்டும் சமையல் வெப்பமானி, சட்டிக்குப் பின்னால் எட்ட ஒரு கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரு டோர்ச். மெல்லிய நெருப்பில் சூடேற்ற வேண்டும். முதலில் ஒரு இழை புகை வந்து நின்றுவிடும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நீலம் கலந்த புகை விடாமல் எழும்பத் தொடங்கும் இடம்தான் புகைநிலை. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையில் அக்ரோலின் இருக்கிறது. எண்ணெயில் உள்ள கிளிசரின் உடைந்து வருவது அது. அளந்தவுடன் அடுப்பை அணைக்க வேண்டும், சட்டியை விட்டு நகரக் கூடாது.

புது எண்ணெயில் எனக்குக் கிடைத்தது இது: தேங்காய் எண்ணெய் 176, பாம் 220, சூரியகாந்தி 226. இதை மட்டும் பார்த்தால் சூரியகாந்திதான் பொரியலுக்கு அரசன், மில் எண்ணெய் ஆகவே ஆகாது. நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் மில் எண்ணெய். வடை மாவில் தண்ணீர் இருக்கிறது. அது கொதிக்கும் எண்ணெய்க்குள் போய்க் கொழுப்பை உடைத்து, கொழுப்பமிலத்தைத் தனியே பிரித்துவிடும். இந்தத் தனிக் கொழுப்பமிலம் கூடக் கூடப் புகைநிலை இறங்கும். எல்லா எண்ணெயிலும் இது நடக்கும்தான். ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம். அது சின்ன மூலக்கூறு, சூட்டில் சுலபமாகப் பறக்கும். சூரியகாந்தியில் இருப்பவை நீளமானவை, அவ்வளவு எளிதில் ஆவியாகா. அதனால் ஒரே அளவு கெட்டாலும் தேங்காய் எண்ணெய் முந்திப் புகையும். முதல் மாலைக்குப் பின் 170, இரண்டாம் மாலைக்குப் பின் 162. மூன்றாம் நாள் வடை போடும் சூட்டுக்கு வருமுன்பே அடுக்களை முழுக்கப் புகை. அன்றைக்குச் சுட்ட வடையில் நாக்கில் லேசான சவர்க்கார ருசியும் இருந்தது. தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்வது இதே லோரிக் அமிலத்துக்காகத்தான் என்று தெரிந்தவர்களுக்கு அது புதுமையாக இராது. நிறம் மட்டும் அப்போதும் இளம் பொன்னிறம், ஒட்டும் பசையும் இல்லை. மாமியின் விதிப்படி அது நல்ல எண்ணெய்!

சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் என்றால் கதை கொஞ்சம் வேறு. புதிதில் 200 பாகைக்கு மேலே போகும், அதனால் இன்னும் ஒன்றிரண்டு மாலை கிடைக்கும். வாசம்தான் இராது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாசமில்லாத தேங்காய் எண்ணெய் எதற்கு என்று தோன்றும், எனக்கும் தோன்றுகிறது.

சூரியகாந்தி இதற்கு நேர் மாறு. ஐந்தாம் மாலை முடிந்து அளந்தபோதும் 195 பாகையில்தான் புகைந்தது. புகையை மட்டும் நம்பினால் இன்னும் ஒரு கிழமை ஓட்டியிருப்பேன். ஆனால் நான்காம் மாலையே தாச்சியின் விளிம்பில், எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வரும், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் எண்ணெய் சொட்டாக விழாமல் நூலாக இழுத்தது. மூடி வைத்த போத்தலைத் திறந்தால் பழைய பெயின்ற் வாசம்.

அந்த வாசத்துக்குக் காரணம் உண்டு. பெயின்றில் ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பது, அது காற்றில் உள்ள ஒட்சிசனை வாங்கி இறுகிப் படலமாகும் என்பதால். சாதாரணச் சூரியகாந்தியில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதுவும் அதே குணம், கொஞ்சம் மெதுவாக. ஐந்தாம் மாலை வடையைப் போட்டதும் சின்னச் சின்ன நுரை எழும்பி, வடையை எடுத்த பிறகும் அடங்காமல் நின்றது. நல்ல எண்ணெயில் குமிழி பெரிதாக வரும், ஈரம் போனதும் அடங்கும். அடங்காத நுரை என்றால் எண்ணெய் தடித்துவிட்டது. அந்த எண்ணெயில் வடை சிவந்தது, ஆனால் உள்ளே எண்ணெய் குடித்திருந்தது. காகிதத்தில் வைத்தால் வட்டமாக ஊறும்.

பாம் ஒலீன் ஏமாற்றுவது நிறத்தில். இரண்டாம் மாலையே தேயிலைச் சாயம் போல ஆகிவிட்டது. வடையில் செத்தல் மிளகாய் போடுகிறோம், அதன் சிவப்பும் இறங்கும். அதோடு பாம் எண்ணெய் இயல்பாகவே சீக்கிரம் கறுக்கும். மாமி பார்த்துவிட்டுக் கொட்டச் சொன்னார். ஆனால் கரண்டியில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது, விளிம்பில் பசை இல்லை, நுரை அடங்கியது, புகைநிலை 210க்கு மேல். இதில் நாற்பது வீதத்துக்குக் கிட்ட நிறைவுற்ற கொழுப்பு, லினோலெயிக் பத்து வீதத்தை ஒட்டித்தான். ஒட்சிசனுக்குப் பிடி கொடுக்கிற பகுதி குறைவு. ஆறாம் மாலைதான் வாசம் மாறியது, அன்றோடு நிறுத்தினேன். நிறைவுற்ற கொழுப்பு இதயத்துக்கு நல்லதா என்பது வேறு வழக்கு, அதில் சூரியகாந்திக்குச் சார்பாகப் பேச நிறைய உண்டு. நான் இங்கே தாச்சிக்குள் நடப்பதை மட்டும் பார்க்கிறேன்.

ஆக மில் எண்ணெய்க்கு இரண்டு, சூரியகாந்திக்கு நான்கு, பாமுக்கு ஐந்து மாலை என்ற என் கணக்கு வடைக்கு மட்டும். உப்பும் மஞ்சளும் பூசிய சூடை மீன் பொரித்தால் எதுவானாலும் ஒரு முறை, மிஞ்சினால் மறுநாள் மீனுக்கே இன்னொரு முறை. மீனின் தண்ணீரும் உப்பும், அடியில் கருகும் தூளும் எண்ணெயை வேகமாகக் கெடுக்கும். எத்தனை முறை என்று எண்ணுவதை விட எத்தனை நிமிடம் சூட்டில் இருந்தது என்று பார்ப்பது சரி. ஆள் வரும்வரை தாச்சியைக் கொதிக்க விட்டுக் காத்திருப்பதுதான் பெரிய வீண், ஒரு வடையும் போடாமலே எண்ணெய் கிழடாகும். நான் இப்போது இடையில் அணைத்துவிடுகிறேன்.

ஆய்வுகூடத்தில் இதற்குப் பார்ப்பது முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு, அதாவது உடைந்தும் இறுகியும் போன எல்லாம் சேர்ந்து எத்தனை வீதம் என்று. இந்தியாவில் 2018இலிருந்து 25 வீதம் எல்லை, ஜேர்மனியில் 24. வீட்டில் அதை அளக்க முடியாது, அதனால் மேலே சொன்ன கைப்பழக்கங்கள்தான்.

இன்னொன்று, இது என் சொந்தத் தவறு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தம், சனம் நிறைய. வடை போட்டுக்கொண்டே இருக்கத் தாச்சியில் தேங்காய் எண்ணெய் குறைந்தது. வீட்டில் சூரியகாந்திதான் இருந்தது. அரைப் போத்தல் ஊற்றினேன். இரண்டும் புதிதுதான், ஒன்றும் கெடவில்லை. அடுத்த வடைகளைப் போட்டதும் வெள்ளை நுரை பாலைப் போலப் பொங்கி விளிம்புக்கு வந்தது, கொஞ்சம் அடுப்பிலும் வழிந்தது. நல்லகாலம் கேஸ் திருகு கைக்கு எட்டியது. தேங்காய் எண்ணெயையும் லோரிக் இல்லாத எண்ணெயையும் கலந்து பொரித்தால் நுரை எழும்பும் என்பது பொரியல் தொழிலில் பழைய செய்தியாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு சில்லறையாக வாங்கிய தேங்காய் எண்ணெய் முதல் பொரியலிலேயே பொங்கினால், ஈரம் இருக்கிறதா அல்லது வேறெதுவும் கலந்திருக்கிறதா என்று யோசிக்கிறேன். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, தாச்சியை மூடியால் மூடிவிட வேண்டும்.

மிச்ச எண்ணெய் ஆறிய பிறகு மெல்லிய சீலையில் வடித்து, அடியில் நிற்கும் கசண்டை விட்டுவிட்டு, கழுத்துவரை நிரப்பிக் கண்ணாடிப் போத்தலில் இருட்டில் வைக்கிறேன். பாதிப் போத்தல் என்றால் உள்ளே காற்று, அதுவும் நம் வெயிலுக்குச் சீக்கிரம் கெடும். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் சில நாளில் வெள்ளையாகக் கட்டியாவதைப் பார்த்துப் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. 24 பாகையளவில் அது உறையும், அவ்வளவுதான்.

இப்போது வாசல் வடைக்குப் பாம் ஒலீன். போத்தலில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு மாலையும் எத்தனை நிமிடம் என்று பென்சிலால் எழுதுகிறேன், மொத்தம் 200 வந்தால் அந்த எண்ணெயைக் கொட்டிவிடுவேன். மில் தேங்காய் எண்ணெய் வீட்டுக்கு, ஒரு போத்தலை இரண்டு நாளில் தீர்க்கும் அளவுக்கு மட்டும். சூரியகாந்தி தாளிப்புக்கு. மாமி அந்தக் காகிதத்தைப் பார்த்து, "எண்ணெய்க்கும் கொப்பி எழுதுறியா?" என்று சிரித்தார். அடுத்த கிழமை தன் போத்தலிலும் ஒன்று ஒட்டித் தரச் சொன்னார்.