"நீங்க என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்கு நான்கு பதில்கள்

கோவையில் தொழில்துறையினர் சந்திக்கும் ஒரு மாலைக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வந்திருக்கும் ஒருவர் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் பொறியாளர். சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி அந்தப் பட்டறைகளுக்கே அனுப்புகிற நிலையம் அது. "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் அவர் சொல்லக்கூடிய நான்கு வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்பதுதான் என் அளவுகோல்.

முதல் வரி: "நான் சுத்திகரிப்பு நிலையத்துல சீனியர் பிராசஸ் இன்ஜினியர்." இதில் பொய் இல்லை, அலட்டலும் இல்லை. ஆனால் அந்தத் துறையில் இல்லாதவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "அப்படியா, எந்த ஊர்?" என்று மரியாதைக்குக் கேட்பார். ஊரைச் சொன்னதும் பேச்சு வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் போய்விடும்.

இரண்டாவது: "ஜவுளி நிறுவனங்கள் சுற்றுச்சூழல் இலக்குகளை எட்ட உதவுறேன்." பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் வாய்ப்பாடு இது. நான்கில் இதுதான் மோசம் என்பேன். உதவுகிறேன் என்று ஆரம்பித்தாலே அடுத்தது விற்பனைப் பேச்சு என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுகிறார். போதாக்குறைக்கு, ஆலோசகர், சோலார் விற்பவர், தணிக்கையாளர் என யார் சொன்னாலும் இதே வரி பொருந்தும்.

மூன்றாவது புதிர் போடும் வகை: "நான் அழுக்குத் தண்ணியைக் காசாக்குறேன்." கேள்வி நிச்சயம் வரும். ஆனால் எல்லாரிடமிருந்தும் வருவது ஒரே கேள்விதான்: "எப்படி?" விளக்கிச் சொன்னதும் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது, மேலே கேட்க ஒன்றும் இல்லை. கேட்டவருக்கு, தன்னை வேண்டுமென்றே கேட்க வைத்தார்கள் என்ற சின்ன உறுத்தலும் மிஞ்சும்.

நான்காவது: "சாயப்பட்டறைத் தண்ணியில இருக்கிற உப்பைப் பிரிச்சு, மறுபடி சாயம் போடவே கொடுக்குறோம். கடைசியில மிஞ்சுற கலப்பு உப்பை என்ன பண்றதுன்னுதான் இன்னும் வழி தெரியல."

என் தேர்வு இதுதான். முதல் பாதியில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளும் ஒரு செயலும் இருக்கின்றன. இரண்டாவது பாதியில் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. கேட்பவர் தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து உள்ளே நுழையலாம். துறைக்கு வெளியே இருப்பவர், "சாயத்துக்கு எதுக்குங்க உப்பு?" என்று கேட்பார். பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு சேர்த்தால் அந்த விலக்கம் குறைந்து சாயம் நூலில் ஏறும். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பனியன் ஏற்றுமதி செய்பவர் வேறு பக்கம் போவார்: "2011-ல கோர்ட் எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்னதே, அதுக்கப்புறம் வந்ததா இது?" வேதியியல் படித்தவர், கலப்பு உப்பை ஏன் பிரிக்க முடியவில்லை என்று கேட்பார். கொதிகலன் விற்பவருக்கு ஆவியாக்கியில் எவ்வளவு நீராவி செலவாகிறது என்பதில்தான் கண் இருக்கும்.

ஏற்றுமதியாளர் கேட்டதையே எடுத்துக்கொள்வோம். பொறியாளர் இப்படிப் பதில் சொல்லலாம்: "ஆமாங்க, ஒரு சொட்டுகூட நொய்யல் ஆத்துல விடக்கூடாதுன்னு ஆனதால, கடைசிவரைக்கும் காய்ச்சித்தான் ஆகணும். அந்தச் செலவு பட்டறைக்காரர் தலையிலதான் விழுது. உங்க பையர்ங்க இதை விலையில ஏத்துக்குறாங்களா?" பதில் சின்னது, முடிவில் கேள்வி எதிராளிக்கே போகிறது. அதுவும் அவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி. அவர் பையர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால், பொறியாளருக்கு அதுவரை அறியாத ஒரு பக்கம் தெரியவரும். இதைச் செய்யாமல் சவ்வூடு வடிகட்டலின் படிநிலைகளை வரிசையாக விளக்க ஆரம்பித்தால், எவ்வளவு நல்ல அறிமுக வரியாக இருந்தாலும் வீண்.

வரி வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. வரும் கேள்வியில் உங்கள் வரியிலிருந்த சொல் ஒன்று இருக்கும்: உப்பு, தண்ணி, மிஞ்சுறது. ஊர், அனுபவம், கம்பெனி என்று யாரிடமும் கேட்கக்கூடியது வந்தால் வரி காதில் ஏறவில்லை. ஆளுக்கு ஆள் வெவ்வேறு கேள்வி வருகிறதா என்பதையும் பாருங்கள். எல்லாரும் ஒன்றையே கேட்டால் புதிர் வகைக்குள் போய்விட்டீர்கள்.

இதற்கும் எல்லை உண்டு. சொல்லும் சிக்கல் துறையே அறிந்ததாக இருக்க வேண்டும். எந்தப் பட்டறையின் தண்ணீரில் என்ன கோளாறு என்பது வாடிக்கையாளரின் ரகசியம். அதை வைத்துப் பேச்சைத் தொடங்கக் கூடாது. பாட்டுச் சத்தம் அதிகமான அரங்கில் இரண்டு வாக்கியம் எடுபடாது. அங்கே "சாயத் தண்ணியிலருந்து உப்பு எடுக்குறோம்" என்பதோடு நிறுத்தி, மிச்ச உப்பின் கதையை முதல் கேள்விக்கான பதிலில் வைத்துக்கொள்ளலாம். வட்டமாக நிற்க வைத்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னால் மட்டும், பதவியைச் சொல்லும் முதல் வரியே மேல். யாரைப் பிறகு தேடிப் பேசுவது என்றுதான் அங்கே எல்லாரும் குறித்துக்கொண்டிருப்பார்கள்.