முகப்பருவுக்கு ஜிங்க், மீன் எண்ணெய், மல்டிவைட்டமின்: 14 மாத அனுபவம்

குளச்சல் பக்கம் எங்க ஊர். பருவுக்கு முதல்ல நான் வாங்கினது ஜிங்க் மாத்திரை. அட்டையில ஜிங்க் சல்பேட் 220 மி.கி.ன்னு பெருசா போட்டிருக்கும். அதுல உண்மையான ஜிங்க் சுமார் 50 மி.கி.தான். ஒருநாள் வெறும் வயித்துல போட்டுட்டு நாகர்கோவில் பஸ் ஏறி, திங்கள்சந்தையில இறங்கி வாந்தி எடுத்தேன். சாப்பிட்ட பிறகு போட்டா அந்தத் தொல்லை இல்லை. மூணு மாசத்துல செவந்த பரு கொஞ்சம் அடங்குச்சு, தாடை ஓரத்துக் கட்டிகள் அசையவே இல்லை. வருஷக்கணக்கா போட்டா உடம்புல காப்பர் குறையும்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன்.

கட்டிகளுக்குத் தோல் டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் 20 மி.கி. எழுதினார், ராத்திரி சாப்பாட்டோட. வேற என்ன மாத்திரை போடுறேன்னு அவர் கேட்டப்போ "ஒண்ணுமில்ல சார்"னு சொல்லிட்டேன். சத்து மாத்திரையெல்லாம் கணக்குல வரும்னு தோணலை.

அஞ்சாவது வாரம் காலையில எழுந்ததும் தலைவலி, தினமும். திரும்பப் போனதும் டாக்டர் முதல்ல கேட்டது, பார்வை மங்குதா, குமட்டல் இருக்கான்னு. அதெல்லாம் இல்லை. "வீட்டுல இருக்கிற எல்லா டப்பாவையும் கொண்டுவாங்க தம்பி"ன்னார்.

ரெண்டு டப்பா மாட்டுச்சு. மல்டிவைட்டமின்ல வைட்டமின் ஏ 5000 ஐ.யு. இன்னொண்ணு, மீன் எண்ணெய்னு நான் நம்பின காட் மீன் ஈரல் எண்ணெய். ஈரல்லதான் மீன் வைட்டமின் ஏ சேர்த்து வைக்குது. சதையிலிருந்து எடுக்கிற ஒமேகா 3 எண்ணெயில அது பெரும்பாலும் இருக்காது. ரெண்டும் ஒரே மஞ்சள் முட்டை மாதிரிதான் தெரியும்! டப்பா பின்பக்கம் ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட்னு இருந்தா விலகணும்.

ஐசோட்ரெட்டினாயினே வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. வெளியிலிருந்தும் ஏ சேர்ந்தா விஷத்தன்மை கூடுது: தலைக்குள்ள அழுத்தம், வறட்சி, ஈரலுக்குச் சுமை. டாக்டர் ரெண்டையும் நிறுத்தி, ஈரல் டெஸ்டும் ட்ரைகிளிசரைடும் எடுக்கச் சொன்னார். ட்ரைகிளிசரைடு லேசா ஏறியிருந்துச்சு. அது இந்த மருந்தால வழக்கமா வர்றது. ஏ இல்லாத ஒமேகா 3 போடலாமான்னு கேட்டேன், போடலாம்னார். ஆனா அதால பரு குறைஞ்சதா எனக்குத் தெரியலை. அம்மா சொன்னது வேற: "சாளை திங்காத வீடா இது மக்ளே, டப்பாவுல வேற வாங்கணுமா?"

கேரட், கீரை பயமில்லை; அதுல இருக்கிற பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்குத்தான் மாத்திக்கும். சுறா ஈரல் எண்ணெய் மட்டும் வேண்டாம், காட் மாதிரிதான் அதுவும்.

ரெண்டு வாரத்துல தலைவலி போச்சு. மாத்திரைக்கலப்புதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஐசோட்ரெட்டினாயின் தனியாவும் தலைவலி தரும். உதடு வெடிச்சது மட்டும் மருந்து முடியிற வரைக்கும் நிக்கலை. சட்டைப்பையில பெட்ரோலியம் ஜெல்லியோடதான் அலைஞ்சேன்.