மேற்குச் சுவருக்குப் பச்சை நிழல்: ஒட்டுக்கொடியா, கம்பிச் சட்டமா, தொட்டிப் பலகையா?

வடசென்னையின் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய ஒரு சுவரை இந்த ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வோம். அது முதல் மாடிப் படுக்கையறையின் மேற்குச் சுவர். அகலம் 12 அடி, உயரம் 10 அடி. 9 அங்குலச் செங்கல் கட்டின் மேல் சிமென்ட் பூச்சும், அதன் மேல் ஈரம் தடுக்கும் வெளிப்புறப் பெயின்ட்டும் இருக்கின்றன. கோடையில் பிற்பகல் இரண்டு மணி முதல் பொழுது சாயும்வரை வெயில் இதன்மீது நேராக விழுகிறது. 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து வெப்பம் உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும் என்பதால், மாலை நான்கு மணி வெயிலின் சூடு இரவு பத்து, பதினொரு மணிக்குத்தான் அறைக்குள் தெரியும். படுக்கப் போகும் நேரத்தில் சுவரில் கை வைத்தால் அனல் அடிப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே இந்தச் சுவருக்கு வெளியிலிருந்து நிழல் கிடைத்தால் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே மொட்டை மாடி இருந்தால், தளத்தின் வழியே இறங்கும் வெப்பத்தை எந்தக் கொடியும் குறைக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நிழலுக்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. முதலாவது சுவரையே பற்றி ஏறும் ஒட்டுக்கொடி. இரண்டாவது சுவரிலிருந்து விலகி நிற்கும் கம்பிச் சட்டத்தில் ஏறும் கொடி. மூன்றாவது சொட்டுநீர்க் குழாயுடன் வரும் தொட்டிப் பலகைகள், அதாவது இன்று ‘வெர்ட்டிகல் கார்டன்’ என்று விற்கப்படுபவை. மூன்றுமே நிழல் தருகின்றன. பூச்சையும் ஈரத்தடுப்பையும் எது என்ன செய்கிறது என்பதில்தான் இவை வெகுவாக வேறுபடுகின்றன.

ஒட்டுக்கொடியில் தொடங்குவோம். நர்சரிகளில் ‘இந்தியன் ஐவி’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அத்தி இனத்தைச் சேர்ந்த படர்கொடி. செலவு மிகக் குறைவு. கம்பி வேண்டாம், ஆணி வேண்டாம். இளம் தண்டு முழுவதும் குறுவேர்களை விட்டு, அவற்றிலிருந்து கசியும் பசையால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கெட்டியான, விரிசலற்ற பூச்சில் அந்தக் குறுவேர்கள் மேற்பரப்போடு நின்றுவிடும். இங்கிலாந்தின் பழைய கட்டடங்களில் ஐவிக் கொடியை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினரும் ஏறக்குறைய இதையே கண்டனர்: நல்ல சுவரை இலைப்போர்வை காக்கிறது, ஏற்கெனவே துளையும் பிளவும் உள்ள சுவரில் வேர் உள்ளே புகுந்து பிளவைப் பெரிதாக்குகிறது.

சிக்கல் என்னவென்றால், வடசென்னையில் பூச்சு முழுக்க நல்ல நிலையில் இருக்கும் பழைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடற்காற்றின் உப்பும், கலவையில் சேர்ந்த உப்பும், மாடிக் குழாய்களின் கசிவும் சேர்ந்து, பூச்சு பல இடங்களில் செங்கலை விட்டு விலகிப் பொள்ளலாக நிற்கிறது. வேர் வெளிச்சத்தை விட்டு இருட்டையும் ஈரத்தையும் தேடிச் செல்வது. பொள்ளலுக்கு மேலே மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். அப்படி வளர்ந்த ஒரு தண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் விளைவு கண்ணுக்கே தெரியும்: தண்டின் உட்புறத்தில் பழுப்பு நிறத் தாடிபோல் வேர்கள், அந்த வேர்களோடு பிய்ந்து வந்த பெயின்ட் தோல், அதன் முதுகில் ஒட்டிய மணல். ஈரத்தடுப்பு என்று நாம் பணம் கொடுத்துப் பூசியது அந்தத் தோலைத்தான்.

இதற்கு மேலும் இரண்டு குறைகள் உண்டு. சில ஆண்டுகளில் இந்தக் கொடி முதிர்ச்சி அடைந்து, சுவரில் ஒட்டாமல் வெளியே நீட்டும் தடித்த கிளைகளையும் பெரிய இலைகளையும் விடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஏணி வைத்து வெட்டாவிட்டால் அந்தக் கிளைகள் புயல்காற்றைப் பிடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா கடந்தபோது எத்தனை கொடிகள் பூச்சோடு சேர்ந்து உரிந்து விழுந்திருக்கும் என்பதை அந்த நாளைப் பார்த்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். இரண்டாவது குறை இன்னும் மோசமானது. காகம் போட்ட எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்று வெறும் சுவரில் இரண்டு இலை விட்டதுமே கண்ணில் படும், பிடுங்கிவிடலாம். இலைப்போர்வைக்குள் அது கட்டைவிரல் பருமன் ஆகும்வரை தெரியாது. அதற்குப் பிறகு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுக்கச் செங்கலைக் கலைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒட்டுக்கொடியை, பூச்சு நன்றாக உள்ள காம்பவுண்டுச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். ஆள் படுக்கும் அறையின் சுவருக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

தொட்டிப் பலகைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் கணக்கே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் வரிசைக்கு ஆறாக 36 சிறு தொட்டிகள் என்றும், நனைந்த தென்னை நார்க்கழிவும் மண்ணும் செடியும் சேர்ந்து ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ என்றும் வைத்தால், சதுர மீட்டருக்கு 54 கிலோ ஆகிறது. நம் சுவர் ஏறக்குறைய 11 சதுர மீட்டர்; சட்டத்தின் எடையைச் சேர்க்காமலேயே அறுநூறு கிலோவை நெருங்குகிறோம். இந்த எடை முழுவதையும் செங்கல்லில் அடித்த ஆணிகள் தாங்க வேண்டும். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று குறைவாகப் போட்டாலும் 44 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது போர் தண்ணீர் என்றால், இந்தப் பகுதியில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். சொட்டுவாய் வெள்ளைப் படிவால் அடைத்துக்கொள்ளும், அடைத்த இடத்துக்குப் பக்கத்து இணைப்பு பீய்ச்சும், பீய்ச்சிய நீர் பலகைக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் சுவரில் இறங்கும். நீர் உலர்ந்தாலும் உப்பு பூச்சுக்குள்ளேயே தங்கிப் படிகமாகி, சுவரைப் பொரிய வைக்கும். இந்த வகைத் தோட்டங்களை உலகறியச் செய்த பிரான்ஸ் நாட்டு பத்ரிக் பிளாங்க் கூட, உலோகச் சட்டத்தால் காற்றிடைவெளி விட்டு, அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள பி.வி.சி. பலகையை வைத்த பிறகே செடிக்கான கம்பளத்தை விரிக்கிறார். இங்கே விலை குறைத்துத் தரும்போது முதலில் காணாமல் போவது அந்த இடைவெளியும் அந்தப் பலகையும்தான். வீட்டு வாசலில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சிறு பலகை வைத்துக்கொள்வது வேறு. மாடிச் சுவரை மூட இது பொருந்தாது.

எஞ்சியிருப்பது கம்பிச் சட்டம். இதில் இலைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளி இருக்கும். வெயில் இலையில் நிற்கும், காற்று இடைவெளியில் ஏறிச் செல்லும். மழை பெய்து ஓய்ந்தபின் சுவர் உலர்வதற்கும் அந்தக் காற்று வேண்டும். இதில் மேற்குச் சுவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் சாரல் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிப்பதால் கிழக்குச் சுவர் நாள்கணக்கில் ஊறும். மேற்குச் சுவரை நனைப்பவை ஆடி, ஆவணி மாலைகளின் இடிமழைகள்தான், அவை விரைவில் நின்றுவிடும். எனவே கிழக்கைவிட மேற்கில் பச்சைப் போர்வையைத் துணிந்து வைக்கலாம்.

சட்டத்தால் வரும் ஆபத்து முழுவதும் துளைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆங்கர் துளையும் ஈரத்தடுப்பில் நாமே போடும் ஓட்டை. ஆகவே துளைகள் குறைவாக இருக்க வேண்டும், செங்கல்லிலும் பூச்சிலும் இல்லாமல் கான்கிரீட்டில் இருக்க வேண்டும். நம் சுவரில் மேலே மொட்டை மாடித் தளத்தின் விளிம்பும் கீழே முதல் மாடித் தளத்தின் விளிம்பும் கான்கிரீட். மேலே நான்கு, கீழே நான்கு என எட்டுத் தாங்கிகள் போதும். அவற்றில் மேலும் கீழும் ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தி, அடிக்கு ஒன்றாகக் கம்பியை மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டலாம். இடையில் சுவரைத் தொடவே வேண்டியதில்லை. துளையை உள்முகமாகச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் போட்டால், நீர் புகுந்தாலும் வெளியே வடியும். தூசியை ஊதி எடுத்துவிட்டு இரசாயனப் பசை நிரப்பி ஆங்கரைச் செருக வேண்டும். தாங்கி சுவரைச் சந்திக்கும் இடத்தைச் சுற்றி சீலன்ட் இட வேண்டும். தாங்கியும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால், அதன்மீது ஓடும் மழைநீர் சுவருக்கு வராமல் நுனியில் சொட்டிவிடும்.

உலோகத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத ஊர் இது. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் தூரத்தில் ஜி.ஐ. கம்பியின் துத்தநாகப் பூச்சு அதிக நாள் தாங்காது. துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள பூச்சையும் கான்கிரீட்டையும் பிளக்கும். பூச்சைக் காக்க விலக்கி வைத்த சட்டமே பூச்சை உடைக்கும் நிலை வரும். சாதாரண 304 வகை எவர்சில்வரிலும் பழுப்புக் கறை ஏறும். ஆங்கருக்கும் கம்பிக்கும் 316 வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. குறுக்குச் சட்டத்துக்கு அலுமினியம் போதும், எவர்சில்வரைத் தொடும் இடங்களில் மட்டும் நடுவே ரப்பரோ நைலானோ வைக்க வேண்டும்.

கொடியாக இரங்கூன் மல்லி நன்றாக ஏறும். ஆனால் தண்டு மரமாகும், கம்பியை நெளிக்கும், ஆண்டுதோறும் கவாத்து கேட்கும். சங்குப்பூ எடை குறைந்தது, ஆனால் ஒரு மாடி உயரச் சுவரை முழுதாக மூடுவது அதற்குக் கடினம். நிலத்தில் மண் இருந்தால் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் குழி எடுக்க வேண்டும். அடிச்சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. மட்டத்துக்கு மேல் மண்ணை அணைத்தால், அந்தத் தடுப்பைத் தாண்டி ஓதம் ஏறும். மண்ணே இல்லாத சந்துகளில், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து திரைபோல் தொங்கும் கர்ட்டன் கிரீப்பர் ஒரு மாற்று. அது சுவரைப் பற்றுவதில்லை. தொட்டியைத் தளவோட்டின் மீது நேரே வைக்காமல் கால் உள்ள ஸ்டாண்டில் வைத்து, வடிநீரைத் தட்டில் பிடித்தால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும், முதலில் கொத்தனாரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்ப்பது அவசியம். சுத்தியல் காம்பால் ஓரடிக்கு ஒருமுறை தட்டினால், கெட்டியான இடம் ‘டக்’ என்றும் பொள்ளல் ‘டொப்’ என்றும் சொல்லிவிடும். பொள்ளலைச் செங்கல்வரை கொத்திப் பூசி, முழுதாக உலர்ந்தபின் பெயின்ட் அடித்து, அதற்குப் பிறகே சட்டம் ஏற வேண்டும். கொடி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொடுவதற்கு ஓரடி முன்பாகவே வெட்டிவிடுவதும் முக்கியம். மேலே ஏறிய கொடி தளவோட்டு இடுக்கில் வேர்விடும், உதிர்ந்த இலை மழைநீர் வடிகுழாயின் வாயை அடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டியதுபோல் ஒரு மழை வந்தால், தேங்கிய நீர் கொடி நிற்கும் சுவருக்குப் பதிலாக அறையின் கூரையில் இறங்கும்.

ஏற்கெனவே ஒட்டுக்கொடி ஏறிவிட்ட சுவர் என்றால், பச்சையாக இருக்கும்போது பிடித்து இழுக்கக் கூடாது. அடித்தண்டை இரண்டு இடங்களில் வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிட்டு, மேலே உள்ளது முழுவதும் காய்ந்து சருகாகும்வரை சில வாரங்கள் விட வேண்டும். பிறகு தண்டுகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி எடுத்து, சுவரில் எஞ்சிய வேர்த்தாடியைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். இதை மாசி, பங்குனியில் செய்தால், பிய்ந்த இடங்களைப் பூசி உலர்த்தி, அடுத்த ஐப்பசிக்குள் புதுப் பெயின்ட் அடிக்கக் காலம் இருக்கும்.