பெட்டாடின் கறைக்கு எது சரி: எலுமிச்சையா, வைட்டமின் சி மாத்திரையா, ஹைப்போவா?

காயத்துக்குப் போட்ட பெட்டாடின் போர்வையில் கொட்டிவிட்டால், வெந்நீரில் ஊறவைத்து சோப்பு போட்டுத் தேய்ப்பதுதான் பலருடைய முதல் வேலை. அதைத்தான் செய்யக்கூடாது. சூடு பட்டால் பெட்டாடினில் உள்ள அயோடின் நூலிழைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். நைலான் கலந்த துணி என்றால் கேட்கவே வேண்டாம். கறையில் ரத்தமும் கலந்திருந்தால் அதிலுள்ள புரதம் வெந்நீரில் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும்.

சோப்பு வேறு விதத்தில் ஏமாற்றும். உப்புத் தண்ணீரில் நுரைக்குப் பதில் பிசுக்காகத் திரிந்து, கறையின் மேல் படிந்துவிடும். தவிர, அதன் காரத்தில் அயோடினில் ஒரு பகுதி நிறமில்லாத உப்புகளாக மாறும். கறை வெளுத்தது போலத் தெரியும். சரியாக அலசாமல் விட்டு, பிறகு அந்த இடத்தில் வினிகர் பட்டால் பழுப்பு திரும்பி வரலாம்.

கறையை எடுப்பது என்றால் அயோடினை அயோடைடாக மாற்றுவதுதான். அயோடைடுக்கு நிறமில்லை, தண்ணீரில் கரைந்து போய்விடும். இதை வைட்டமின் சி செய்யும், போட்டோ கழுவப் பயன்பட்ட ஹைப்போவும் (சோடியம் தயோசல்பேட்) செய்யும்.

எலுமிச்சையிலும் வைட்டமின் சி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். 5% பெட்டாடின் 10 மில்லி கொட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 50 மில்லிகிராம் அயோடின் இருக்கும். அதை அடக்க ஏறக்குறைய 35 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். ஒரு பழத்தின் சாறு 30 மில்லி என்றால் அதில் 15 மில்லிகிராம்கூடத் தேறாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பத்து மடங்குக்கும் மேல் தாங்கும். ஆரஞ்சு நிற மாத்திரை வேண்டாம், அதன் சாயமும் துணியில் ஏறும். வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள்.

மாத்திரையைப் பொடித்து அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து, கறையின் பின்பக்கமாக ஊற்றுங்கள். சில நொடிகளில் பழுப்பு மறையத் தொடங்கும். கொஞ்ச நேரம் விட்டும் அசையவே இல்லை என்றால் அது அயோடின் இல்லை. துருவாகவோ பழைய ரத்தமாகவோ இருக்கலாம். கஞ்சி போட்ட வேட்டியில் கறை கருநீலமாகத் தெரியும். அதுவும் இதிலேயே போகும்.

போர்வை முழுக்க நனைந்திருந்தால் எனக்கு ஹைப்போதான் பிடிக்கும். மீன் தொட்டிக் கடைகளில் குளோரின் நீக்கும் படிகமாகக் கிடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போதும். அதோடு எலுமிச்சையோ வினிகரோ வைட்டமின் சி-யோ சேர்க்காதீர்கள். அமிலம் பட்டால் கந்தகம் பால் போலத் திரிந்து, மூக்கைத் துளைக்கும் வாயுவும் வரும்.

பிளீச்சிங் பவுடர் கறையோடு சேலையின் நிறத்தையும் எடுத்துவிடும் என்பதால் அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

எதைப் போட்டாலும் பழுப்பு முழுக்கப் போன பிறகு குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசுங்கள். அப்புறம் வழக்கம்போல சோப்பு போடலாம். இஸ்திரி, துணி நன்றாகக் காய்ந்து கறை இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான்.