டேப்பா, கெட்டி இன்லைனா? கத்திரி போடும் குழுக்களுக்கு ஒரு கடிதம்

குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்துக் குழுக்கள் பலவும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. முள்ளுக் கத்திரிக்குச் சொட்டு நீர் போடுகிறோம், மெல்லிய டேப் போதுமா, கெட்டி இன்லைன் குழாய்தான் வேண்டுமா? ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கடையில் இரண்டுமே விற்கிறேன். என் சொந்தக் கத்திரி நிலம் ஒரு ஏக்கரில் கெட்டி இன்லைன் ஓடுகிறது. பக்கத்தில் அரை ஏக்கரில் டேப்பை மூன்று பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்துவிடும். டேப்பைப் பற்றி நான் சொல்வதை மூன்று பருவ அனுபவம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் பாய்ச்சலோடு ஒப்பிட்டால் இரண்டுமே தண்ணீரை ஏறக்குறைய ஒரே அளவுதான் மிச்சப்படுத்தும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிற்கப் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 9,000 லிட்டர் தரும் போர் என்றால் 22 மணி நேர ஓட்டம். மடை திருப்ப ஒரு ஆள் அத்தனை நேரமும் வரப்பில் நிற்க வேண்டும். சொட்டு நீரில், செடி முழுசாகக் காய்க்கும் வெயில் காலத்தில் கூட ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 20,000 லிட்டர் போதும், வாரத்துக்கு 1.4 லட்சம். நட்ட முதல் மாதம் அதில் பாதி கூட வேண்டாம். பயிர்க் காலம் முழுக்கச் சேர்த்தால் பாதித் தண்ணீருக்குப் பக்கம் மிச்சமாகும். ஈரம் படுவது குழாய் ஓரத்தில் மட்டும் என்பதால் களையும் அங்கேதான் வரும். வால்வைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

டேப்புக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமையும் உண்டு. விலை குறைவு, எடை குறைவு, ஒரு சுருளை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகலாம். குத்தகை நிலத்தில் ஒரே பருவம் கத்திரியோ தர்பூசணியோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள் என்றால் டேப்தான் சரி. அப்படிக் கேட்பவர்களுக்கு நான் இன்லைனை விற்பதில்லை.

ஆனால் சொந்த நிலத்தில், வருஷா வருஷம் ஓட்டப்போகிறவருக்கு டேப் ஆள் செலவில் கடித்துவிடும். என் அரை ஏக்கரில் நடந்ததைச் சொல்கிறேன். களை கொத்த வந்தவர்களின் களைக்கொத்து பட்டு, முதல் களையெடுப்பிலேயே பல இடத்தில் கிழிந்தது. கோடையில் தண்ணீர் தேடி அணில் கடித்தது. ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு ஜாயினர் போட வேண்டும், அதற்கு முன்னால் கிழிசலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிழிசல் வழியே தண்ணீர் போனால் கடைசிச் செடிகளுக்கு அழுத்தம் எட்டாது. ஒரு நாள் ஒரு வரிசைக்கான வால்வை மட்டும் திறந்து, மற்றதை மூடி வைத்து மோட்டாரைப் போட்டேன். அழுத்தம் தாங்காமல் இரண்டு இடத்தில் வெடித்தது. அது என் தவறுதான், இருந்தாலும் கெட்டிக் குழாய் அதைத் தாங்கியிருக்கும். பருவம் முடிந்து உழவுக்காகச் சுருட்டும்போது டேப் இழுபட்டு நீண்டுவிடுகிறது. அப்படி நீண்டதை மறுபடி விரித்தால் ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு என்று சொட்டுகிறது. மூன்று பருவத்துக்கு மூன்று தடவை புது டேப், விரிக்க ஆள், எடுக்க ஆள். இன்லைனை அதே ஆட்கள் சுருட்டி மரத்தடியில் வைத்து, உழவு முடிந்ததும் மறுபடி விரித்துவிட்டார்கள்.

சரி, அப்படியென்றால் இன்லைன்தான் என்று முடித்துவிடலாமே என்றால், முடியாது. இன்லைனில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்தில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அடைப்பு.

நம் போர்களில் பலதும் உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீர். அதைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பூச்சுதான் சொட்டுவானுக்குள்ளும் படிகிறது. டேப் அடைத்தால் போகட்டும், அடுத்த பருவம் எப்படியும் புதுசு. இன்லைன் அப்படியில்லை. மானியத்தில் போட்டால், சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 வருஷம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது வருஷம் அடைத்துக்கொண்டால் மீதி நான்கு வருஷத்துக்கு உங்கள் கைக்காசுதான், இல்லையென்றால் மறுபடி மடை திருப்பப் போக வேண்டியதுதான். ஆகவே இன்லைன் வாங்குவதா என்பதை விட, அதைக் கழுவுவீர்களா என்பதுதான் கேள்வி.

அடைப்பைக் கண்டுபிடிக்க மீட்டர் ஒன்றும் வேண்டாம். 200 மில்லி பிடிக்கும் டம்ளர் ஒன்று, கைப்பேசியில் கடிகாரம், போதும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் அந்த டம்ளர் சரியாக 3 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். வரிசையின் தலைப்பில், நடுவில், கடைசியில் வைத்துப் பாருங்கள். கடைசியில் 4 நிமிடம் ஆனால் கால் பங்கு தண்ணீர் குறைந்துவிட்டது, கழுவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். செடி வாடிய பிறகு பார்ப்பது தாமதம்.

அடைத்திருப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். சொட்டுவான் வாயில் வெள்ளையாக இருந்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைத்தால், சுண்ணாம்பு. அதற்கு ஆசிட் கழுவல். வழவழவென்று பச்சையாக இருந்தால் திறந்த கிணற்றுப் பாசி. அதற்கு ஆசிட் போதாது, பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும், தலைப்பில் மணல் ஃபில்டரும் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் விஷ வாயு வரும்.

கே.வி.குப்பம் பக்கம் ஒரு அண்ணன், மூன்று வருஷ இன்லைனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு கேட்டு வந்தார். போய்ப் பார்த்தேன். தலைப்பில் டம்ளர் 3 நிமிடத்தில் நிரம்பியது, கடைசி வரிசையில் 7 நிமிடம் ஆனது. வாயெல்லாம் வெள்ளை. புதுசு வேண்டாம் அண்ணா, கழுவிப் பார்ப்போம் என்றேன்.

எவ்வளவு ஆசிட் என்பது ஒவ்வொரு போருக்கும் மாறும், அதனால் பக்கெட்டில் தான் கணக்கு எடுக்க வேண்டும். 10 லிட்டர் போர் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊசிக்குழலால் ஒவ்வொரு மில்லியாக விட்டு, கலக்கி, பி.எச். தாளை நனைத்துப் பார்த்தோம். 8 மில்லியில் தாள் 4 காட்டியது. அதாவது லிட்டருக்கு 0.8 மில்லி. அவருக்கு அரை ஏக்கர் பகுதிக்கு மணிக்கு 9,000 லிட்டர் ஓடுகிறது. 15 நிமிடம் ஆசிட் தண்ணீர் விட்டால் 2,250 லிட்டர், அதற்கு 1.8 லிட்டர் ஆசிட். அதை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குள் ஆசிட்டை விட்டுக் கலந்தோம். மாற்றி ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டோம். பிறகு வெஞ்சுரி வழியாக அந்த 15 நிமிடத்தில் முழுக்க உறிஞ்சும்படி திருகைச் சரிசெய்தோம்.

கடைசி வரிசையின் நுனியில் பி.எச். தாள் 4 காட்டிய பிறகுதான் மோட்டாரை நிறுத்தினோம். ஒரு நாள் அப்படியே விட்டோம். மறுநாள் காலையில் சப் மெயினின் ஃபிளஷ் வால்வைத் திறந்து, பிறகு ஒவ்வொரு குழாயின் எண்ட் கேப்பையும் கழற்றி, தண்ணீர் தெளியும் வரை ஓட்டினோம். முதலில் வந்தது சுண்ணாம்பு அடித்த பக்கெட்டைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அன்று கடைசி வரிசையில் டம்ளர் 4½ நிமிடம். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை கழுவினோம், 3½ நிமிடத்துக்கு வந்துவிட்டது. முழுக்க அடைத்துப்போன சில சொட்டுவான்கள் மட்டும் திறக்கவில்லை. உள்ளே தண்ணீரே போகாத இடத்தில் ஆசிட்டும் போகாது. அந்த இடங்களில் துளை போட்டு வெளிச் சொட்டுவான் செருகிவிட்டோம். ஒவ்வொரு கழுவலுக்கும் இரண்டு பேர், இரண்டு காலை வேளைகள், அவ்வளவுதான் ஆள் செலவு.

ஒவ்வொரு பயிர் முடிந்ததும் இதை ஒரு தடவை செய்தால் இவ்வளவு தூரம் போகாது. அதோடு, டி.ஏ.பி.யை ஊறவைத்து வடிகட்டி வெஞ்சுரியில் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் தண்ணீரின் சுண்ணாம்போடு சேர்ந்தால் அது சொட்டுவானுக்குள்ளேயே கல்லாகிவிடும். 19:19:19 போன்ற முழுக்கக் கரையும் உரம் மட்டும் போதும்.

இன்னொரு விஷயம், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த மீட்டர்களைப் பாருங்கள். இரண்டுக்கும் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். சல்லடை கிழிந்திருந்தால் அதை மாற்றாமல் ஒரு நாள் கூட ஓட்ட வேண்டாம்.

கழுவ முடியாது, நேரமில்லை என்று உங்கள் குழுவில் யாராவது வெளிப்படையாகச் சொன்னால் அவருக்கு டேப்பே நல்லது, நானே கொடுக்கிறேன். மற்றவர்கள் ஆர்டர் எழுதும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் போர் தண்ணீரை மோட்டார் ஓடி அரை மணி நேரம் கழித்து ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் ஒட்டிக் கொண்டுவாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்று எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்றும் குறித்துவாருங்கள். 1 நிமிடம் 20 நொடி ஆனால் மணிக்கு 9,000 லிட்டர், அரை ஏக்கராகப் பிரித்து ஓட்டலாம். 2 நிமிடம் 40 நொடி ஆனால் கால் ஏக்கராகப் பிரிக்க வேண்டும், வால்வு இரண்டு கூடும். பி.எச். தாளும் கையுறையும் குழுவுக்கு ஒரு செட் வாங்கிவைத்தால் போதும், முதல் தடவை கழுவும்போது நான் நேரில் வந்து காட்டுகிறேன்.