லெஸ்ஸரா, மார்ட்கேஜரா? ‘லீஸ்’ வீட்டுப் பத்திரத்தில் யார் யார்

ஆங்கிலத்தில் எழுதிய வீட்டுப் பத்திரங்களில் இரண்டு ஜோடிச் சொற்கள் பலரையும் தடுமாற வைக்கின்றன. ஒன்று லெஸ்ஸர், லெஸ்ஸீ. மற்றொன்று மார்ட்கேஜர், மார்ட்கேஜீ. முதல் ஜோடியில் லெஸ்ஸர் வீட்டுக்காரர், லெஸ்ஸீ குடியிருப்பவர். இது எளிதில் பிடிபட்டுவிடும். இரண்டாவதில்தான் சிக்கல். கடன் கொடுப்பது வங்கி என்பதால் மார்ட்கேஜர் வங்கிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் மார்ட்கேஜர் வீட்டை அடமானம் வைத்தவர். வங்கி மார்ட்கேஜீ.

பணம் யார் கையிலிருந்து போகிறது என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். சொத்தின் மீதான உரிமையை யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதைக் கொடுப்பவர் ‘அர்’, பெறுபவர் ‘ஈ’. இரண்டு ஜோடியிலும் சொத்துக்காரர் ‘அர்’தான். தமிழ்ப் பத்திரங்களிலும் வழுக்கல் உண்டு. ‘அடமானதாரர்’ என்று மட்டும் எழுதினால் வைத்தவரா, வாங்கியவரா என்ற கேள்வி எழும். ‘அடமானம் வைத்தவர்’, ‘அடமானம் பெற்றவர்’ என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு ஜோடிகளும் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ‘வீடு லீசுக்கு’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். 8 லட்சம் ரூபாய் கொடுத்து 3 ஆண்டுகள் குடியிருக்கலாம், மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். பத்திரத்தில் லெஸ்ஸர், லெஸ்ஸீ என்று போட்டிருப்பார்கள். ஆனால் வீட்டுக்காரர் வாங்கியது வாடகை அல்ல, திருப்பித் தர வேண்டிய அசல். அந்த அசலுக்கு வட்டியாக அமைவது குடியிருக்கும் உரிமை. பெயர் குத்தகை என்றாலும், சரக்கு பெரும்பாலும் சுவாதீன அடமானம். பழைய வழக்கில் ஒத்தி, போக்கியம் என்று சொன்னது இதைத்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் இதற்கு 58-ஆம் பிரிவு, குத்தகைக்கு 105-ஆம் பிரிவு. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் நிபந்தனைகளையும் படிக்கும்.

எந்த ஜோடிக்குள் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது 3 ஆண்டு முடியும் நாளில் தெரிந்துவிடும். வீட்டுக்காரர், “இப்போது பணம் இல்லை, ஆறு மாதம் போகட்டும்” என்கிறார் என்று வையுங்கள். நீங்கள் சுவாதீன அடமானம் பெற்றவராக இருந்தால், பணம் வரும்வரை வீட்டைக் கையில் வைத்திருக்கும் உரிமை 58-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வெறும் லெஸ்ஸீ என்றால் காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைப்பதுதான் சட்டத்தின் பொது விதி. வேறு நிபந்தனை எழுதி வாங்காவிட்டால், சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பின்னால் அலைய நேரலாம்.

பழுதுபார்ப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. தான் செய்ய வேண்டிய பழுதை லெஸ்ஸர் செய்யாவிட்டால், அறிவித்து நியாயமான காலம் காத்திருந்து, லெஸ்ஸீயே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 108-ஆம் பிரிவு. வாடகையே இல்லாத ‘லீசில்’ எதில் கழிப்பது? சொத்து வரி இன்னொரு பக்கம் இழுக்கும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சுவாதீனத்தில் இருக்கும் மார்ட்கேஜீ வீட்டின் வருமானத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும் என்பது 76-ஆம் பிரிவு. ஆகவே பழுது, வரி இரண்டையும் யார் தலையில் என்று பெயர் சொல்லி எழுதிவிடுவதே மேல். ‘லெஸ்ஸர் செய்ய வேண்டும்’ என்பது தட்டச்சில் ‘லெஸ்ஸீ’ என்று ஆனால், மொட்டை மாடி ஒழுகும் செலவு உங்களுடையதாகிவிடும்.

பதிவுதான் பலரும் தவறவிடும் இடம். 100 ரூபாய்க்கோ அதற்கு மேலோ உள்ள சுவாதீன அடமானம், வைத்தவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்ட பதிவுப் பத்திரமாக இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிய 3 ஆண்டு ‘லீஸ்’ இந்த இரண்டிலும் சேராமல் நடுவில் தொங்கும். வீட்டுக்காரர் நடுவில் வீட்டை விற்றால், பதிவான அடமானம் வில்லங்கச் சான்றில் தெரியும். வாங்குபவர் அந்தப் பொறுப்போடுதான் வாங்க வேண்டும். நோட்டரி தாள் அதில் ஏறாது. முத்திரைக் கட்டணமும் பதிவுச் செலவும் கையைக் கடிக்கும் என்பது உண்மை. 8 லட்சம் கொடுப்பவருக்கு அந்தச் செலவைச் சேமிப்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே பத்திரத்தில் வரும் ‘பிரின்சிபல்’ அசல் தொகையைக் குறிக்கும். ஏஜென்சிப் பத்திரத்தில் அதே சொல் ஏஜென்டை அமர்த்தியவர். உச்சரிப்பில் ஒட்டிப்பிறந்த இன்னொரு ‘பிரின்சிபிள்’ கொள்கை. கடன் பத்திரத்தில் அதற்கு வேலையே இல்லை. கண்டால் அடித்துத் திருத்திவிடுங்கள். ஆனால் லெஸ்ஸீயை அடித்து மார்ட்கேஜீ என்று மாற்றினால் மட்டும் போதாது. கையெழுத்து, சாட்சி, பதிவு எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வில்லங்கச் சான்று எடுத்து, அந்த வீட்டின் மீது ஏற்கெனவே வேறொரு மார்ட்கேஜீ இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். அவர் வங்கியாக இருந்தால், அந்தக் கடன் தீராமல் உங்கள் 8 லட்சத்துக்கு வரிசையில் இரண்டாவது இடம்தான்.