டெரின்குயுவா, கைமாக்ளியா? நிலத்தடி நகரங்கள் இரண்டில் காற்றும் தண்ணீரும்

துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் நெவ்ஷெஹிர் நகரத்திலிருந்து தெற்கே போனால் சுமார் 20 கிலோமீட்டரில் கைமாக்ளி வரும். இன்னும் பத்துக் கிலோமீட்டர் போனால் டெரின்குயு. இரண்டு ஊருக்கும் அடியில், எதிரி வரும்போது மக்கள் ஒளிந்துகொள்ளப் பாறையைக் குடைந்து செய்த பழைய நகரம் இருக்கிறது. கைமாக்ளி 1964-லும் டெரின்குயு 1969-லும் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டன. சுற்றுலா வழிகாட்டிகளைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான், ஒன்றைப் பார்த்தால் போதும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாறை ஒரே வகை, பயம் ஒரே பயம், ஆனால் தீர்வு வேறு. டெரின்குயு கீழ்நோக்கிப் போனது, கைமாக்ளி பக்கவாட்டில் பரவியது. எதிரி மேலே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டால் எது தாங்கும் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

முதலில் பாறையைப் பற்றி. பல லட்சம் ஆண்டுகளாக எரிமலைகள் வெடித்துக் கொட்டிய சூடான சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இது. டஃப் என்பார்கள். வெட்டும்போது உள்ளே ஈரம் இருப்பதால் மென்மையாக இருக்கும், குட்டைப் பிடிபோட்ட இரும்புக் கொத்தியே போதும். வெட்டிய முகத்தில் காற்றுப் பட்டு ஈரம் காய்ந்ததும் மேற்பரப்பு கெட்டிப்படும். அதனால்தான் மரத்தூண் முட்டுக்கொடுக்காமலேயே கூரை நிற்கிறது. கூரையை வளைவாக விட்டு, அறைகளுக்கு நடுவே பாறையையே தூணாக ஒதுக்கிவிட்டால் சரி. பலவீனம் ஒன்று உண்டு. தண்ணீர் ஊறிவிட்டால் இதன் வலிமை பெருமளவு குறைந்துவிடும். மேலிருந்து கசிவு வரும் இடத்தில் சுவர் செதில் செதிலாக உரியும், தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட கூரையின் கீழே நிற்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

குடைவது சுலபம், குடைந்ததை வெளியேற்றுவதுதான் வேலை. மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரத்தில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். 18 கன மீட்டர். இந்தப் பாறை கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் எடை இருக்கும் என்று கணக்கிட்டால் 27 டன் கழிவு. கூடைக்கு 25 கிலோ என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடைகள், அதுவும் ஒரே ஓர் அறைக்கு. குறுகலான, குனிந்து போகவேண்டிய பாதைகளில் இதைத் தலையில் சுமந்து ஏற்றுவது நடக்கிற காரியமா? அதனால்தான் முதலில் செங்குத்தாக ஒரு துளையை, கிணறு வெட்டுவதுபோல் இறக்கி, பிறகு அதன் பக்கங்களிலிருந்து அறைகளைக் குடைந்துகொண்டே போனார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அந்தத் துளை வழியே கயிறு கட்டிக் கழிவை மேலே இழுக்கலாம். வேலை முடிந்ததும் அதே துளை காற்றுக் குழாயாகவும் கிணறாகவும் ஆகிவிடும். ஒரு வேலைக்கு மூன்று பலன்.

இந்த இடத்திலிருந்துதான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன. டெரின்குயு சமவெளியில் இருக்கிறது. ஒளிய வேண்டுமென்றால் கீழே போவதைத் தவிர வழியில்லை. கைமாக்ளியோ ஒரு மேட்டுக்கு அடியில் இருக்கிறது. மேட்டின் சரிவிலிருந்தே உள்ளே நுழைந்து அகலமாகப் பரவலாம். டெரின்குயுவில் இன்று எட்டு மட்டங்கள் வரை இறங்கிப் பார்க்கலாம், பெரிய காற்றுக் குழாய் சுமார் 55 மீட்டர் ஆழம். கைமாக்ளியில் திறந்திருப்பவை நான்கு மட்டங்கள், இறங்குவது ஏறக்குறைய 20 மீட்டர்தான். ஆனால் அங்கே பாதைகள் தாழ்வாகவும் குறுகலாகவும் சரிவாகவும் இருக்கும். உயரமானவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

காற்று விஷயத்துக்கு வருவோம். உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுக்க 13 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வெளியே குளிர்காலத்தில் பூஜ்யம் டிகிரி என்றால், உள்ளேயுள்ள காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. ஒரு துளை வழியே அது மேலே ஏறும், இன்னொரு துளை வழியே கனமான குளிர்காற்று கீழே இறங்கும். விசிறி எதுவும் வேண்டாம். இந்த இழுவை ஆழத்தைப் பொறுத்தது. 55 மீட்டர் துளையில் இந்த வெப்ப வித்தியாசத்தால் கிடைக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோ எடைக்குச் சமம். 20 மீட்டருக்கு அது ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆக, குளிர்காலத்தில் டெரின்குயுவின் இழுவை கைமாக்ளியின் இழுவையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. குறுகல்களில் உராய்வு கொஞ்சம் தின்னும், ஆனாலும் முன்னிலை டெரின்குயுவுக்குத்தான்.

கோடையில் கதை தலைகீழ். வெளியே 30 டிகிரி, உள்ளே 13 டிகிரி. உள்ளே இருப்பதுதான் கனமான காற்று. வெளியேறும் வாய்கள் எல்லாம் மேலே ஒரே மட்டத்தில் இருந்தால் குளிர்ந்த காற்று கீழேயே தேங்கிவிடும், மேலே ஏற அதற்கு ஒரு காரணமும் இல்லை. டெரின்குயுவின் இடர்ப்பாடு இதுதான். சமவெளி என்பதால் துளைகளின் வாய்களுக்கு இடையே பெரிய உயர வித்தியாசம் கிடையாது. மேலே வீசும் காற்றும், உள்ளே இருக்கும் மனிதர், விளக்கு, ஆடுமாடுகளின் சூடும் தரும் இழுவையை நம்பித்தான் இருக்க வேண்டும். கைமாக்ளிக்கு இங்கே மேடு உதவுகிறது. உச்சியில் ஒரு வாய், சரிவில் தாழ்வாக இன்னொன்று என்று அமைந்தால் குளிர்காற்று தாழ்ந்த வாய் வழியே வழிந்தோடி, மேலிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். தாழ்ந்த வாயின் மட்டத்துக்கு மேலுள்ள அறைகளுக்காவது இது பலிக்கும். 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை அனத்தோலியாவுக்குள், அதாவது இன்றைய துருக்கிக்குள் வந்த அரபுப் படையெடுப்புகள் பெரும்பாலும் கோடையில்தான் நடந்தன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒளிந்துகொள்ள வேண்டிய காலமும் காற்று தேங்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

கதவை மூடினால் இன்னொரு சிக்கல். பாதைகளின் நடுவே ஒன்று, ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டக் கற்களை உருட்டி அடைப்பார்கள். எடை சில நூறு கிலோ இருக்கும், உள்ளிருந்துதான் நகர்த்த முடியும். இரண்டு நகரங்களிலும் இவை உண்டு. எதிரிக்கு அடைபடும் அதே பாதை காற்றுக்கும் அடைபடுகிறது. அப்புறம் துளைகளே கதி. ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால் போகிற காற்றும் வருகிற காற்றும் ஒன்றோடொன்று மோதித் தடுமாறும். அதனால் அடைக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இரண்டு துளைகளாவது வேண்டும். கைமாக்ளியில் அறைகள் காற்றுக் குழாய்களைச் சுற்றியே அமைந்திருப்பதன் தர்க்கம் இப்போது விளங்கும். அங்கே நடக்கும்போது எந்த அறையிலிருந்தும் குழாய் அதிக தூரத்தில் இல்லை என்பது தெரியும்.

காற்று கெட்டுவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? விளக்குத் திரியைப் பார்ப்பார்கள் என்பது பலரும் சொல்வது. அது தாமதமான எச்சரிக்கை. ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். மூச்சுக்காற்றால் மட்டுமே அந்த நிலை வந்திருந்தால், கரியமில வாயு அதற்குள் நான்கு, ஐந்து சதவீதத்தைத் தொட்டிருக்கும். தலைவலியும் இரைப்பும் மூன்று சதவீதத்திலேயே தொடங்கிவிடும். விளக்கைவிட உடம்பு முன்னதாகச் சொல்லிவிடும். விளக்கின் உண்மையான பயன் வேறு. அதைத் துளை வாயருகே பிடித்தால் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலிருந்து காற்று வருகிறதா, போகிறதா என்று தெரியும்.

தண்ணீரில் டெரின்குயுதான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. அங்கே துளை நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்குகிறது. மேலே ஊர்க்காரர்களும் கீழே அகதிகளும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தார்கள். நகரம் பாழடைந்து கிடந்த பிறகும், 1960-களின் தொடக்கம் வரை மேலேயுள்ள ஊர் இந்தக் கிணறுகளையே நம்பியிருந்தது. ஆனால் திறந்த கிணறு எதிரிக்கும் திறந்ததுதான். மேலிருந்து நஞ்சையோ செத்த விலங்கையோ போட்டால் கீழே இருப்பவர்கள் தொலைந்தார்கள். இதற்கான விடையும் கல்லிலேயே இருக்கிறது. சில கிணறுகளுக்கு மேற்பரப்பில் வாயே கிடையாது. கீழ்மட்டங்களிலிருந்து மட்டும் நீர் இறைக்கலாம். ஒரே துளையைக் காற்றுக்கும் நீருக்கும் பயன்படுத்துவது சிக்கனம், ஆனால் முற்றுகைக்கு ஏற்றதல்ல என்பது குடைந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

கைமாக்ளியின் வாழ்க்கை அறைகள் நீருக்குப் பக்கத்தில் இல்லை. இருபது மீட்டரில் சமையலறையும் களஞ்சியமும் வைத்தால் தண்ணீரை இன்னும் கீழேயிருந்து இறைக்க வேண்டும், இல்லை முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும். நான்காம் மட்டத்தில் மண்ஜாடிகள் வைக்கும் இடங்களும் சேமிப்பறைகளும் நிறைய இருப்பது எனக்கு இதோடு பொருந்துகிறது, திராட்சை மதுவுக்கும் சேர்த்துத்தான். மூன்றாம் மட்டத்தில் 57 குழிகள் கொண்ட, ஆண்டசைட் என்ற கடினமான எரிமலைக் கல் ஒன்று இருக்கிறது. செம்பு தாதுவை நசுக்கப் பயன்பட்டதாகச் சொல்கிறார்கள். இது அவசரத்துக்கு ஒளிந்த இடம் மட்டுமில்லை என்பதற்கு அது சாட்சி. சாதாரண நாட்களில் கிடங்காகவும் தொழுவமாகவும் இருந்திருக்கிறது. இன்றும் கைமாக்ளி மக்கள் சிலர் தங்கள் வீட்டுக்கு அடியிலுள்ள சுரங்க அறைகளில் பொருள் வைத்துக்கொள்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. ஓரிரு நாள் பயத்துக்குக் கைமாக்ளிதான் வசதி. ஆளும் ஆடுமாடும் சீக்கிரம் உள்ளே போகலாம், கோடையிலும் காற்றோட்டம் பரவாயில்லை. வாரக்கணக்கில் எதிரி நகராமல் இருந்தால் டெரின்குயுவில் தண்ணீர் இருக்கிறது. 1909-இல் அதானா நகரில் ஆர்மேனியர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி வந்தபோது, கப்படோக்கியாவின் ஆக்ஸோ என்ற ஊர்க்காரர்கள் சில இரவுகள் நிலத்தடி அறைகளிலேயே தூங்கியதாக மொழியியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் எழுதியிருக்கிறார். பயன்பாடு பெரும்பாலும் அந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

டெரின்குயுவில் 20,000 பேர் இருந்தார்கள் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. காற்றை வைத்து அதைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். அதை ஒரு சதவீதத்துக்குள் வைக்க ஆயிரம் பேருக்கு விநாடிக்கு அரை கன மீட்டர் புதுக்காற்று போதும், அதாவது ஒரு சதுர மீட்டர் துளையில் மெல்ல ஊர்ந்து போகும் காற்று. இருபதாயிரம் பேருக்கு இருபது மடங்கு வேண்டும், ஐம்பது துளைகள் இருந்தால் அதுவும் சாத்தியமே. எனக்கு இடிக்கிற இடம் கழிவு. கழிப்பறை இந்த இரண்டு நகரங்களிலும் தென்படுவதில்லை. அதே பகுதியில் தத்லாரின் என்ற நிலத்தடி நகரத்தில் குடைந்த கழிப்பறைகள் இருக்கின்றன, அங்கே அது அபூர்வம் என்றே சுட்டிக்காட்டுகிறார்கள். இருபதாயிரம் பேரின் பத்து நாள் கழிவை மூடிய ஜாடிகளில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்த விளம்பரங்களில் பதில் இல்லை.